புது ஹார்ட் டிஸ்க்கை நம்புவதற்கு முன்

புது ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றும் தொழிற்சாலையில் சோதனை முடிந்த பிறகே பெட்டிக்குள் போகிறது. தட்டின் பரப்பில் எந்தெந்த இடம் சரியில்லை என்று அங்கேயே கண்டுபிடித்து, அவற்றை ஒதுக்கி வைத்து, அந்தப் பட்டியலையும் டிஸ்க்குக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். அதன் பிறகு அந்த டிஸ்க் கப்பல், லாரி, கிடங்கு, கூரியர் பை என்று பல கை மாறி வருகிறது. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டின் மேல், சில நானோமீட்டர் இடைவெளியில் தலை மிதந்து செல்லும்படி அமைந்த கருவி இது. வழியில் ஒருமுறை பலமாக விழுந்திருந்தாலும் பெட்டியைப் பார்த்தால் தெரியாது. கணினியில் இணைத்தால் இயங்கும், ஃபைல்களும் காப்பி ஆகும். ஆனால் 4 டெராபைட் டிஸ்க்கில் 200 ஜிகாபைட் எழுதிப் பார்த்தவர் அதன் பரப்பில் 5 விழுக்காட்டைத்தான் பார்த்திருக்கிறார். மீதி 95 விழுக்காட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

புது டிஸ்க்குகள் தொடக்கத்திலேயே அதிகம் பழுதாகுமா என்பதில் ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. அமெரிக்காவில் இணையவழிச் சேமிப்புச் சேவை நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் டிஸ்க்குகளின் கணக்கை 2013இல் வெளியிட்டது. முதல் ஒன்றரை ஆண்டில் ஆண்டுக்கு 5.1 விழுக்காடு பழுதாகின. அடுத்த ஒன்றரை ஆண்டில் அது 1.4 ஆகக் குறைந்தது. மூன்று ஆண்டைத் தாண்டியதும் 11.8 ஆக ஏறியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் 2007இல் வெளியிட்ட ஆய்விலோ தொடக்கப் பழுது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. பழுது ஆண்டுக்கு ஆண்டு சீராகக் கூடிக்கொண்டே போனது. ஒன்றிரண்டு டிஸ்க் வாங்கும் வீட்டுக்கோ சிறிய அலுவலகத்துக்கோ இந்தச் சராசரிகளால் பெரிய பயன் இல்லை. கையில் இருக்கும் இந்த ஒரு டிஸ்க் நல்லதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரிய, அந்த டிஸ்க்கின் பரப்பு முழுவதையும் ஒருமுறை படித்து, ஒருமுறை எழுதி, எழுதியதை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்க் தன் குறையைத் தானே மூடி மறைக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. அது ஏமாற்று வேலை அல்ல, நல்ல நோக்கத்தோடு செய்த ஏற்பாடு. இன்றைய டிஸ்க்குகளின் பரப்பு பெரும்பாலும் 4096 பைட் கொண்ட செக்டர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு செக்டரோடும் பிழைதிருத்தக் குறியீடு ஒன்று சேர்த்து எழுதப்படுகிறது. சில பிட்டுகள் பிசகினால் அந்தக் குறியீட்டை வைத்து டிஸ்க்கே சரிசெய்து கொடுத்துவிடும். கணினிக்கு எதுவும் தெரியாது. பிசகு அதைவிடப் பெரிதாக இருந்து படிக்கவே முடியாமல் போனால்தான் கணினிக்குப் பிழைச் செய்தி போகும். அப்போது டிஸ்க் அந்த செக்டரைச் சந்தேகப் பட்டியலில் குறித்துக்கொண்டு காத்திருக்கும். அதே இடத்தில் அடுத்தமுறை எழுதச் சொல்லும்போது எழுதிப் பார்க்கும். எழுத்து நின்றால் சந்தேகத்தை நீக்கிவிடும். நிற்காவிட்டால், இதற்காகவே ஒதுக்கி வைத்திருக்கும் உபரி இடத்திலிருந்து ஒரு செக்டரை எடுத்து, பழைய எண்ணை அதற்குக் கொடுத்துவிடும். எழுதச் சொன்ன மென்பொருளுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றே பதில் போகும்.

நடந்ததெல்லாம் டிஸ்க் தன்னிடம் வைத்திருக்கும் ஸ்மார்ட் எனப்படும் கணக்கில் பதிவாகிறது. அதில் இருபது, முப்பது வரிகள் இருக்கும். புது டிஸ்க்கைச் சோதிப்பவர் கண் வைக்க வேண்டியது முக்கியமாக மூன்று வரிகளில். 5ஆம் எண்ணில் வரும் `Reallocated_Sector_Ct`, உபரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. 197இல் வரும் `Current_Pending_Sector`, சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள். 198இல் வரும் `Offline_Uncorrectable`, டிஸ்க் தானாகப் பரப்பைச் சோதித்தபோது படிக்க முடியாமல் போனவை. புது டிஸ்க்கில் இந்த மூன்றும் வலது ஓரத்தில் இருக்கும் `RAW_VALUE` பத்தியில் சுழியமாக இருக்க வேண்டும். சோதனை முடிந்த பிறகும் சுழியமாகவே இருக்க வேண்டும்.

மற்ற வரிகளைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. குறிப்பாக சீகேட் டிஸ்க்குகளில் 1, 7 ஆகிய எண்களில் கோடிக்கணக்கில் ஏதோ ஓர் எண் நிற்கும். அது பிழைகளின் எண்ணிக்கை அல்ல. எத்தனை முறை படித்தது, எத்தனை முறை தலை நகர்ந்தது என்ற கணக்கும் அந்த ஒரே எண்ணுக்குள் சேர்த்து அடைக்கப்பட்டிருப்பதால் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அதை அப்படியே விட்டுவிடலாம்.

லினக்ஸ் கணினியில் இந்தச் சோதனைக்கு இரண்டு கருவிகள் போதும். ஸ்மார்ட் கணக்கைப் படிக்கவும் டிஸ்க்கின் உள்சோதனையைத் தொடங்கவும் `smartctl`. பரப்பு முழுவதும் எழுதிப் படிக்க `badblocks`. இரண்டும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை, இலவசமானவை. எந்த லினக்ஸையும் பென்டிரைவிலிருந்து இயக்கி, பழைய கணினி ஒன்றிலேயே சோதனையை முடித்துவிடலாம்.

முதல் வேலை, எந்த டிஸ்க் புதியது என்று உறுதி செய்வது. இதில் அவசரம் கூடாது. எழுதும் சோதனை டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிடும். ஓர் எழுத்து மாறி `sdb` என்பதற்குப் பதில் `sda` என்று தட்டினால் குடும்பப் படங்கள் இருக்கும் டிஸ்க் போய்விடும். பயன்பாட்டில் இருக்கும் டிஸ்க்கில் எழுத `badblocks` மறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் இணைத்துவிட்டு மவுன்ட் செய்யாமல் விட்ட பழைய டிஸ்க்கை அது காப்பாற்றாது. முடிந்தால் சோதனைக் கணினியில் புது டிஸ்க்கைத் தவிர வேறு டிஸ்க் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைத் திரையில் வரும் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

```
lsblk -o NAME,SIZE,MODEL,SERIAL
smartctl -x /dev/sdb > before.txt
```

இரண்டாவது வரி, டிஸ்க் வந்தபோது இருந்த நிலையை ஒரு ஃபைலில் பத்திரப்படுத்துகிறது. இதைச் செய்யாமல் சோதனையில் இறங்கினால் பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. யுஎஸ்பி பெட்டி வழியாக இணைத்த டிஸ்க் பதில் தராவிட்டால் கட்டளையில் `-d sat` என்று சேர்த்துப் பார்க்கலாம்.

அந்த ஃபைலில் உடனே பார்க்க வேண்டியது 9ஆம் வரியான `Power_On_Hours`. புது டிஸ்க்கில் அது சுழியமாகவோ ஒன்றிரண்டாகவோ இருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது யாரோ ஓட்டிய பழைய டிஸ்க். மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை, திருப்பி அனுப்ப வேண்டியதுதான். எண் சுழியமாக இருப்பதாலேயே டிஸ்க் புதிது என்று ஆகிவிடாது என்பதும் தெரிந்துவிட்டது. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைசே என்ற தொழில்நுட்ப இதழ், புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல உண்மையில் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று வெளிப்படுத்தியது. இடையில் யாரோ ஸ்மார்ட் கணக்கை அழித்துச் சுழியமாக்கியிருந்தார்கள். சீகேட் டிஸ்க்குகள் ஃபார்ம் என்ற இன்னொரு கணக்கையும் தனியாக வைத்திருப்பதால் அந்த மோசடி வெளியே வந்தது. `smartctl` 7.4ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கணக்கையும் காட்டுகிறது.

```
smartctl -l farm /dev/sdb
```

இங்கே வரும் மணிக்கணக்கும் ஸ்மார்ட்டில் வரும் மணிக்கணக்கும் ஒத்துப்போக வேண்டும். சீகேட் வாங்கியவர்கள் இந்த ஒரு வரியைத் தட்டிப் பார்க்காமல் விடக்கூடாது.

அடுத்தது உள்சோதனை. இதில் குறுஞ்சோதனை, நெடுஞ்சோதனை என்று இரண்டு வகை உண்டு. குறுஞ்சோதனை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மின்சுற்று, தலைகள், தட்டைச் சுழற்றும் மோட்டார் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பரப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் படிக்கும். டிஸ்க் அடியோடு கெட்டிருந்தால் அதைச் சொல்லும், அவ்வளவுதான். நெடுஞ்சோதனைதான் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை ஒன்றுவிடாமல் படிக்கிறது. அதை `smartctl -t long /dev/sdb` என்று தொடங்கியதும் எத்தனை நிமிடம் ஆகும் என்று டிஸ்க்கே சொல்லிவிடும். 4 டெராபைட் டிஸ்க் விநாடிக்குச் சராசரியாக 150 மெகாபைட் படிப்பதாகக் கொண்டால் ஏழரை மணி நேரம் ஆகும். படித்த தரவு கேபிள் வழியாகக் கணினிக்கு வருவதில்லை, எல்லாம் டிஸ்க்குக்குள்ளேயே நடக்கிறது. அதனால் கணினியில் வேறு வேலை பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் மின்சாரம் போனால் சோதனை பாதியில் நின்றுவிடும்; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். யுஎஸ்பி பெட்டிகளில் இன்னொரு தொல்லை: சிறிது நேரம் தரவுப் போக்குவரத்து இல்லையென்றால் பெட்டி டிஸ்க்கை உறங்கவைத்துவிடும், சோதனையும் முறிந்துவிடும். பதிவேட்டில் `Aborted by host` அல்லது `Interrupted (host reset)` என்று வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். டிஸ்க்கின் மேல் குற்றமில்லை.

நெடுஞ்சோதனையை எழுதும் சோதனைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஒரே நாளில் வாங்கிய இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் தொடக்கத்தில் ஸ்மார்ட் கணக்கு சுத்தமாக இருக்கிறது, குறுஞ்சோதனையிலும் இரண்டும் தேறிவிட்டன. இரவில் நெடுஞ்சோதனையைத் தொடங்கிவிட்டு, காலையில் `smartctl -l selftest` என்று கேட்டால் முதல் டிஸ்க் `Completed without error` என்கிறது. இரண்டாவது டிஸ்க் இப்படிச் சொல்கிறது:

```
# 1  Extended offline  Completed: read failure  70%  3  2930277376
```

மூன்றாவது மணியில், சோதனையில் 70 விழுக்காடு மிச்சமிருக்கும்போதே, 2930277376 என்ற எண்ணுள்ள இடத்தைப் படிக்க முடியாமல் டிஸ்க் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருள். இந்த எண் 512 பைட் கணக்கில் சொல்லப்படுவது. அந்தக் கணக்கில் 4 டெராபைட் டிஸ்க்கில் இருப்பவை மொத்தம் 7814037168 இடங்கள். ஆகவே பழுது பரப்பின் 37.5 விழுக்காட்டில், அதாவது ஏறத்தாழ ஒன்றரை டெராபைட் தாண்டி இருக்கிறது. சாதாரணமாகப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் டிஸ்க் அந்த அளவுக்கு நிரம்ப ஓராண்டுகூட ஆகியிருக்கும். அதற்குள் கடைக்காரரின் மாற்றித் தரும் கெடு முடிந்திருக்கும்.

இப்போது ஸ்மார்ட் கணக்கை மறுபடி எடுத்தால் 197ஆம் வரியில் 8 என்று நிற்கும். எட்டு இடங்கள் கெட்டுவிட்டன என்று இதைப் படிக்க வேண்டியதில்லை. 4096 பைட் செக்டர் ஒன்றுக்குள் 512 பைட் இடங்கள் எட்டு அடங்குகின்றன. பல டிஸ்க்குகள் இந்தக் கணக்கை அப்படித்தான் சொல்கின்றன. கெட்டது ஒரே ஒரு செக்டர்தான். கிட்டத்தட்ட நூறு கோடி செக்டர்களில் ஒன்று.

நெடுஞ்சோதனையை விட்டுவிட்டு நேராக எழுதும் சோதனையில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எழுத்து அந்த செக்டரைத் தொட்டதும் டிஸ்க் எழுதிப் பார்த்திருக்கும். எழுத்து நின்றிருந்தால் 197 சுழியத்திலிருந்து ஏறியே இருக்காது, 5ஆம் வரியும் சுழியமாகவே இருந்திருக்கும். எழுதிய மென்பொருளும் பிழை எதுவும் இல்லை என்று முடித்திருக்கும். டிஸ்க்கில் குறை இருந்ததற்கான சான்றை அந்தச் சோதனையே துடைத்திருக்கும். படிப்பதை முதலில் வைத்ததால்தான் குறை பிடிபட்டது. உள்சோதனைப் பதிவேட்டில் விழுந்த வரி பின்னால் எழுதினாலும் அழியாது. கடைக்காரரிடம் காட்ட அது நல்ல சான்று.

இந்த இரண்டாவது டிஸ்க்கில் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. நூறு கோடியில் ஒன்றுதானே, எழுதினால் சரியாகிவிடுமே என்று வைத்துக்கொள்ளத் தோன்றும். அது தவறான கணக்கு. கூகுள் நிறுவனத்தின் எட்வர்டோ பின்ஹெய்ரோவும் உடன் பணியாற்றியவர்களும் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழையைக் காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு பிழை காட்டாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. செக்டர் ஒன்றை உபரி இடத்துக்கு மாற்றிய டிஸ்க்குக்கு அது 14 மடங்கு. தட்டில் ஓரிடத்தில் ஏற்பட்ட சிராய்ப்பிலிருந்து உதிர்ந்த துகள் இன்னோர் இடத்தையும் கெடுக்கக்கூடும். அடிபட்ட தலை போகும் இடமெல்லாம் சரியாகப் படிக்காமல் போகலாம். ஒரு செக்டரில் தெரிவது பெரும்பாலும் பெரிய பழுதின் நுனிதான். பணம் கொடுத்து வாங்கிய புது டிஸ்க்கில் இதைப் பொறுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

முதல் டிஸ்க் இனி எழுதும் சோதனைக்குப் போகிறது. டிஸ்க் ஒன்றை எழுதியதும் தானே திரும்பப் படித்துச் சரிபார்ப்பதில்லை; அப்படிச் செய்தால் வேகம் பாதியாகிவிடும். எழுதியது நின்றதா என்று தெரிய, வெளியிலிருந்து ஒரு மென்பொருள் எழுதிவிட்டு மறுபடி படித்து ஒப்பிட வேண்டும். அதோடு நெடுஞ்சோதனையில் தரவு கேபிள் வழியாகப் போகவே இல்லை. எழுதும் சோதனையில் டிஸ்க், கேபிள், கன்ட்ரோலர், மின்இணைப்பு எல்லாம் சேர்ந்து பாரம் தாங்குகின்றனவா என்பதும் தெரியவரும்.

```
badblocks -b 4096 -wsv -o bad.txt /dev/sdb
```

`-w` என்பது எழுதச் சொல்கிறது. இருப்பது எல்லாம் அழியும் என்பதை மறுபடி நினைவில் கொள்ள வேண்டிய இடம் இதுதான். `-s` எவ்வளவு முடிந்தது என்று காட்டும், `-v` விவரம் சொல்லும், கெட்ட இடங்களின் பட்டியல் `bad.txt` ஃபைலில் சேரும். `badblocks` நான்கு வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறது: `0xaa`, `0x55`, `0xff`, `0x00`. ஒவ்வொன்றையும் டிஸ்க் முழுக்க எழுதிவிட்டு, டிஸ்க் முழுக்கப் படித்து ஒப்பிடும். ஆக எட்டு முறை பரப்பு முழுவதும் கடக்கப்படுகிறது. ஒரு முறைக்கு ஏழரை மணி என்றால் எட்டுக்கு அறுபது மணி, இரண்டரை நாள். 8 டெராபைட் டிஸ்க்குக்கு நாலைந்து நாள் பிடிக்கும்.

அவ்வளவு நாள் இல்லாதவர்கள் ஒரே ஒரு வடிவத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இதில் பெரிய இழப்பு இல்லை. இன்றைய டிஸ்க்குகள் தரும் பிட்டுகளை அப்படியே தட்டில் பதிப்பதில்லை. கலைத்துக் குறியீடாக்கித்தான் பதிக்கின்றன. ஆகவே ஒன்றும் சுழியமும் மாறி மாறி வரும் `0xaa` வடிவத்துக்குத் தட்டின் மேல் தனி ஆற்றல் எதுவும் கிடையாது. நான்கு சுற்றால் கிடைக்கும் உண்மையான பயன், டிஸ்க் இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் உழைக்கிறது என்பதே. ஒரே வடிவம் போதுமென்றால் `-t 0xaa` என்று சேர்க்க வேண்டும். பலர் செய்வதுபோல் `0x00` வேண்டாம். புது டிஸ்க் பெரும்பாலும் சுழியங்களோடுதான் வருகிறது. எங்காவது எழுத்தே விழாமல் போயிருந்தாலும், படிக்கும்போது பழைய சுழியமே வந்து சரி என்று காட்டிவிடும்.

அறுபது மணி நேரம் ஓடும் சோதனையில் வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். மூடிய யுஎஸ்பி பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாத டிஸ்க் கோடைக்காலத்தில் எளிதாக 55 டிகிரியைத் தொட்டுவிடும். பல டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வரம்பு 60 டிகிரி. பெட்டியைத் திறந்து வைத்து ஒரு மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினாலே பத்து டிகிரி வரை குறையும். `smartctl -A` கட்டளையில் 194ஆம் வரி வெப்பநிலையைச் சொல்லும். 45 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. மின்வெட்டு உள்ள ஊர்களில் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவதில் பொருள் இல்லை. அப்படியும் ஒரே வடிவச் சோதனை நடுவில் நின்றுவிட்டால், கட்டளையின் இறுதியில் கடைசி பிளாக்கின் எண்ணையும் தொடங்க வேண்டிய பிளாக்கின் எண்ணையும் இந்த வரிசையில் கொடுத்து, விட்ட இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து தொடரலாம்.

`badblocks` பழைய கருவி என்பதால் இரண்டு குறைகள் அதில் உண்டு. பிளாக்குகளை அது 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. 4096 பைட் பிளாக் என்றால் 17.59 டெராபைட்டோடு எண் தீர்ந்துவிடும். 18 டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள டிஸ்க்கில் `must be 32-bit value` என்று சொல்லி மறுத்துவிடும். அப்போது `-b 8192` என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது குறை சற்று ஆழமானது. பரப்பு முழுக்க ஒரே வடிவத்தை எழுதுவதால், டிஸ்க் ஓரிடத்துக்கு உரியதை இன்னோரிடத்தில் எழுதினாலும் `badblocks` கண்டுபிடிக்காது. எங்கே படித்தாலும் அதே வடிவம்தானே வரும். 500 ஜிகாபைட் இடத்தை வைத்துக்கொண்டு 4 டெராபைட் என்று பொய் சொல்லும் போலி வெளிக்கருவிகள் இந்த ஓட்டையில் புகுந்து தப்பிவிடும். ஊர்பேர் தெரியாத விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால், ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறு தரவை எழுதிப் பார்க்கும் `f3` போன்ற கருவியைப் பயன்படுத்துவதே சரி. விண்டோஸில் அதே வேலையை `H2testw` செய்கிறது.

எழுதும் சோதனை நல்லபடியாக முடிந்தால் கடைசி வரி இப்படி இருக்கும்:

```
Pass completed, 0 bad blocks found. (0/0/0 errors)
```

அடைப்புக்குள் இருக்கும் மூன்று சுழியங்கள் முறையே படிக்கும்போது, எழுதும்போது, ஒப்பிடும்போது வந்த பிழைகள். பலர் இந்த வரியைப் பார்த்ததும் டிஸ்க் தேறிவிட்டது என்று எழுந்துவிடுகிறார்கள். அது பாதித் தீர்ப்புதான். டிஸ்க் இருபது செக்டரை உபரி இடத்துக்கு மாற்றியிருந்தாலும் `badblocks` பார்வையில் எல்லாம் சரியாகவே இருக்கும், இதே வரிதான் வரும். உண்மையான தீர்ப்பு ஸ்மார்ட் கணக்கில் இருக்கிறது. நெடுஞ்சோதனையை இன்னொரு முறை ஓட்டிவிட்டு, கணக்கை `after.txt` என்று எடுத்து, முன்பு வைத்த ஃபைலோடு ஒப்பிட வேண்டும்.

```
smartctl -x /dev/sdb > after.txt
diff before.txt after.txt
```

மணிக்கணக்கு ஏறியிருக்கும், வெப்பநிலை மாறியிருக்கும், உள்சோதனைப் பதிவேட்டில் புது வரிகள் சேர்ந்திருக்கும். இவை இயல்பானவை. 5, 197, 198 ஆகிய வரிகள் மூன்றும் சுழியத்திலிருந்து அசையாமல் இருந்தால் டிஸ்க் தேறியது. அவற்றில் எது ஏறியிருந்தாலும், `badblocks` என்ன சொன்னாலும் சரி, டிஸ்க் திரும்பிப் போக வேண்டும். 199ஆம் வரியான `UDMA_CRC_Error_Count` மட்டும் ஏறியிருந்தால் அவசரப்பட வேண்டாம். அது டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவில் தரவு சிதைந்ததைச் சொல்கிறது. பெரும்பாலும் தளர்ந்த அல்லது மலிவான சாட்டா கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றிவிட்டு எழுதும் சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும். அந்த எண் ஒருபோதும் இறங்காது, அதனால் மேலும் ஏறுகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

எஸ்எஸ்டிக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அதில் எழுதும் ஒவ்வொரு முறையும் ஆயுளில் கொஞ்சம் செலவாகிறது. நான்கு சுற்றுக்குப் பதில் ஒரே சுற்று எழுதிப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. கொள்ளளவில் பொய் இருக்கிறதா என்று அறிய அது போதும். விண்டோஸ் மட்டுமே தெரிந்தவர்கள் ஃபார்மட் செய்யும்போது `Quick Format` குறியை எடுத்துவிட்டால் டிஸ்க் முழுக்கச் சுழியம் எழுதப்படும். தயாரிப்பாளர்களே தரும் சீடூல்ஸ் போன்ற மென்பொருள்களில் நெடுஞ்சோதனையும் உண்டு. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட இந்த இரண்டையும் செய்வது எவ்வளவோ மேல்.

இத்தனையிலும் தேறிய டிஸ்க் நாளை பழுதாகாது என்று யாரும் உறுதி தர முடியாது. அதே கூகுள் ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை, வெப்பநிலையைத் தவிர வேறெந்த ஸ்மார்ட் வரியிலும் முன்கூட்டியே எச்சரிக்கை காட்டாமல் போனவை. மின்சுற்றுப் பலகை எரிந்துபோவதை எந்தப் பரப்புச் சோதனையும் முன்னறியாது. ஆகவே தேறிய டிஸ்க்கில் இருப்பதற்கும் இன்னொரு பிரதி வேண்டும். வரும்போதே குறையோடு வந்த டிஸ்க்கை, அதில் எதையும் வைப்பதற்கு முன்பே பிடித்துவிடுவது மட்டுமே இந்தச் சோதனையால் ஆகக்கூடியது.

அதைப் பிடிக்கும் நாளும் முக்கியம். கடைக்காரர் மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். அதற்குள் திருப்பினால் புது டிஸ்க் கிடைக்கும். கெடு தாண்டி உத்தரவாதத்தின் பேரில் தயாரிப்பாளரிடம் போனால், பெரும்பாலும் கைக்கு வருவது யாரோ திருப்பிக் கொடுத்து, பழுதுபார்த்து அனுப்பிய டிஸ்க். ஆகவே பெட்டி வந்த அன்று இரவே நெடுஞ்சோதனையைத் தொடங்கிவிடுங்கள்.